பதினாலாம் நம்பர் சீட்டு

செக்கிங் மேஜையில் ஒரு சட்டை வந்து விழுந்தால் அதன் குறை நிறை சொல்ல அவளுக்கு நாற்பது வினாடி போதும். காலர் முனை இரண்டும் ஒரே நீளமா என்று மடித்துப் பார்ப்பாள். பிறகு தோள் தையல், கை இணைப்பு, பொத்தான் வரிசை. கடைசியில் சட்டையை உள்பக்கம் திருப்பி, பிசிறு தொங்கினால் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டு இடது பக்கம் தள்ளுவாள். இடது பக்கம் போனால் பாஸ். வலது பக்கம் போனால் தைத்தவர் வாங்கிக் கட்டிக்கொள்வார். பதினேழு வருஷமாக இந்த வேலைதான். ரெடிமேட் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் தரை பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் செக்கிங் அக்கா.

அதனால்தான் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

அவளுடைய நாத்தனார், வீட்டில் எல்லோரும் குட்டிம்மா என்று கூப்பிடுகிறவள், நாலு மாசமாக ஒரு சீட்டுக் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ், குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஒரு பெண். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இருபத்தஞ்சு பேர், மாசம் நாலாயிரம், இருபத்தஞ்சு மாசம். குட்டிம்மா பன்னிரண்டு பேரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். தன்னையும் தன் தெருவில் நாலு வீட்டையும் சேர்த்து ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். மீதிக்குத் தையல் கம்பெனிப் பெண்களைக் குறி வைத்தாள்.

"அண்ணி, உங்களுக்கு ஸ்பெஷலா பேசி வச்சிருக்கேன்," என்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். "ஆறு மாசத் தவணையை ஒரே தடவையா கட்டிட்டீங்கன்னா ரெண்டாவது மாச ஏலம் உங்களுக்குத்தான். முதல் மாசம் கம்பெனி எடுத்துக்கும், அது வழக்கம். ரெண்டாவது மாசம் நீங்க. மேனேஜரே வாயால சொல்லிட்டார். வர்ற சனிக்கிழமை பணம் கட்டணும்."

ஆறு மாசத் தவணை இருபத்து நாலாயிரம். அலமாரியில் புடவைக்கு அடியில் அவளிடம் இருந்ததும் சரியாக அதுதான். மகளுக்கு லேப் டெக்னீஷியன் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருஷத்துக்கு அறுபதாயிரம், அடுத்த மாசக் கடைசிக்குள். இருபத்து நாலாயிரத்தை வைத்துக்கொண்டு அறுபதாயிரத்தை எட்டிப் பிடிக்க வேறு ஏணி கிடையாது. சீட்டு எடுத்தால் ஏலத் தள்ளுபடி போக எழுபதாயிரமாவது கைக்கு வரும்.

"எனக்கு ஒண்ணுமே வேணாம்," என்றார் கணவர் கட்டிலிலிருந்து. ராத்திரி காவல் வேலை, பகலில் தூக்கம். கண்ணைத் திறக்காமலே பேசுவார். "ஆனா சீட்டு நடத்துறவன் யாருன்னு பார்த்துட்டுக் கட்டு. குட்டிம்மா சின்ன வயசுல பஞ்சு மிட்டாய்க்காரன் பின்னாலேயே ரெண்டு தெரு போனவ."

"அண்ணா, நீ தூங்கு," என்றாள் குட்டிம்மா.

தையல் கம்பெனியில் செய்தி அதற்குள் பரவிவிட்டது. காஜா மெஷினில் உட்காரும் பெண், எல்லோருக்கும் காஜா அக்கா, சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலர் மெஷின்காரியும் கூடவே வந்தாள்.

"செக்கிங்கு, நீ போய்ப் பாரு. நீ பாஸ்னா நாங்க கட்டுறோம். நீ வலது பக்கம் தள்ளினா விட்டுடுறோம்," என்றாள் காஜா அக்கா.

"நான் என்ன ஆபீஸரா?"

"நூலு ஒண்ணு வெளிய தெரிஞ்சாலே விட மாட்டே, லட்ச ரூபாய விட்டுடுவியா?"

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டாள். அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். சீட்டுப் பதிவாளர் அலுவலகம் நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது, அந்தத் தாளே பழுத்துப் போயிருந்தது.

வரிசையில் நின்றாள். கவுன்டரில் இருந்த குமாஸ்தாவுக்கு ஐம்பது வயசிருக்கும். பக்கத்தில் பிளாஸ்க், கழுத்தில் மப்ளர், மூக்கில் சளி. முன்னால் நின்றவருக்கு அவர் மூன்றாவது தடவையாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐயா, இது சீட்டு ஆபீஸ். உங்களுது நிதி கம்பெனி. உறுப்பினர் சேர்த்து டெபாசிட் வாங்கறது. அது கம்பெனிப் பதிவுல வரும், நிதின்னு தனியா அறிவிச்சிருக்காங்களான்னு அங்கதான் பார்க்கணும். சீட்டுன்னா நான். நிதின்னா நான் இல்லை."

அவள் முறை வந்தது. கம்பெனி பேரைச் சொன்னாள். குட்டிம்மா கொடுத்த அட்டையில் இருந்த குரூப் எண்ணையும் காட்டினாள்.

"இந்தக் கம்பெனி பதிவு பண்ணினதா சார்?"

குமாஸ்தா கம்ப்யூட்டரில் தட்டினார். "கம்பெனி இருக்கு."

"இந்தப் பதினாலாம் குரூப்பு?"

இன்னொரு தடவை தட்டினார். தும்மினார். "பதினாலு. இருக்கு. பதிவாகியிருக்கு. அடுத்து யாரு?"

அவள் ஒதுங்கி நின்றாள். அவ்வளவுதானா? அவ்வளவுதான். கம்பெனி இருக்கிறது, குரூப் இருக்கிறது, அட்டையில் உள்ள எண்ணும் அரசாங்கக் கம்ப்யூட்டரில் உள்ள எண்ணும் ஒன்று. படி இறங்கும்போது மூட்டு வலித்தாலும் மனசு லேசாக இருந்தது. கீழே வந்ததும் காஜா அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பாஸ்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் பிறகு எத்தனையோ தடவை வாயில் போட்டு மென்றாள்.

புதன்கிழமை மத்தியானம், வெள்ளைச் சட்டை லாட் ஓடிக்கொண்டிருந்தது. இருபது சட்டைக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு: லாட் எண், சைஸ், எண்ணிக்கை. கட்டின் சீட்டில் நாற்பது என்றால் உள்ளே இருபதும் நாற்பதாக இருக்க வேண்டும். பேக்கிங்காரர்கள் சீட்டைப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார்கள். அன்று வந்த கட்டில் லாட் எண் சரி, சைஸ் நாற்பது, எண்ணிக்கை சரி. அவள் வழக்கம்போல் மேல் சட்டையின் காலரைப் பிடித்தாள். கை ஏனோ நின்றது. காலருக்குள் தைத்திருந்த லேபிள் முப்பத்தெட்டு. அடுத்ததைப் பார்த்தாள், முப்பத்தெட்டு. இருபதும் முப்பத்தெட்டு. இந்த லாட்டின் நாற்பது சைஸ் நேற்றே பேக்கிங் போய்விட்டது, பழைய சீட்டு ஒன்று ஒட்டாமல் மிச்சமிருந்திருக்கிறது, யாரோ அவசரத்தில் இதில் ஒட்டிவிட்டார்கள்.

"வலது பக்கம்!" என்று கத்தினாள். சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பதிவாளர் அலுவலகக் கவுன்டர் ஞாபகம் வந்தது.

நேற்று அவள் என்ன பார்த்தாள்? மேலே ஒட்டிய சீட்டை. பதினாலு என்று ஓர் எண் இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றார்கள். அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள், எப்போது ஆரம்பித்தது என்று கட்டைப் பிரிக்கவே இல்லை. பதினேழு வருஷம் பிரித்துப் பார்த்தவள், அன்று மட்டும் பிரிக்காமல் இடது பக்கம் தள்ளிவிட்டாள்.

காஜா அக்கா அருகில் வந்து கண்ணடித்தாள். "என்ன முகம் பேயறைஞ்ச மாதிரி? இந்தா, நானும் காலரும் நேத்து சாயந்திரமே உன் நாத்தனார்கிட்ட நாலாயிரம் நாலாயிரம் குடுத்துட்டோம். நீ சொன்னப்புறம் சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

அவள் அடுத்த கட்டைப் பிரித்து ஒவ்வொரு காலராகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

சாயந்திரம் நேராகக் குட்டிம்மா வீட்டுக்குப் போனாள். குட்டிம்மா குக்கரை இறக்கி வைத்துவிட்டு, சந்தோஷத்தில் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பீரோவிலிருந்து பாஸ்புக்கை எடுத்துக் காட்டினாள். சிவப்பு அட்டை, குரூப் பதினாலு, டிக்கெட் எண் ஆறு, குட்டிம்மா பேர், ஆறு தவணைக்கு ரசீது.

"நீயும் ஆறு மாசம் சேர்த்துக் கட்டிட்டியா?"

"பின்னே? எனக்கும் ரெண்டாவது ஏலம்னு சொன்னார்."

"எனக்கும் ரெண்டாவது ஏலம்னுதானே சொன்னே?"

குட்டிம்மா பாஸ்புக்கை மூடினாள். "அது... மாசத்துக்கு ரெண்டு பேருக்குக் கூடக் குடுப்பாங்களாம். ஆள் நிறைஞ்சா."

"அம்மாடி, சீட்டுன்னா என்ன? இருபத்தஞ்சு பேர் காசையும் ஒண்ணாப் போட்டா ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தை யார் அதிகமா விட்டுக்குடுக்குறாங்களோ அவங்க எடுத்துக்கணும், விட்டதை மத்தவங்க பிரிச்சுக்கணும். ரெண்டு பேருக்குக் குடுக்க இன்னொரு லட்சம் எங்கிருந்து வரும்? ஏலத்தை முன்னாடியே இவளுக்குன்னு எழுதி வைக்கவும் முடியுமா?"

"அண்ணி, நீங்கதான் பதிவு இருக்குன்னு சொன்னீங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? மேனேஜர்கிட்ட சொன்னேன். அவரே சிரிச்சுக்கிட்டு, 'பாத்தீங்களா மேடம்'னார்."

"நம்பர் இருக்குன்னுதான் சொன்னேன். தப்பு என் மேலதான். நாளைக்கு நீ என்கூட வா. உன் பேர் அதுல இருக்கான்னு பார்த்துடுவோம்."

"என்னை நம்பலையா?"

"உன்னை நம்பாம இல்லை. பிரிச்சுப் பார்க்கணும்."

குட்டிம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வரேன். நான் உறுப்பினர். என் பேரையே உங்களுக்குக் காட்டுறேன். அப்புறம் உங்க வீட்டுல யாரும் என்னைப் பஞ்சு மிட்டாய் பஞ்சு மிட்டாய்னு சொல்லக் கூடாது."

வியாழக்கிழமை இரண்டாவது அரை நாள் சம்பளம் போயிற்று. சூப்பர்வைசர், "மாசம் முடியறதுக்குள்ள நீ அந்தப் பதிவாளர் ஆபீஸ்லயே வேலைக்குச் சேர்ந்துடுவ போல," என்றார். இரண்டாம் மாடி ஏறுவதற்குள் குட்டிம்மாவுக்கே மூச்சு வாங்கியது. இன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் பாஸ்புக் கையில்தான்.

அதே குமாஸ்தா, அதே மப்ளர்.

"சார், நான் இந்தக் கம்பெனியில பதினாலாம் குரூப் உறுப்பினர். ஃபைலைப் பார்க்கணும்," என்றாள் குட்டிம்மா.

குமாஸ்தா தலை நிமிர்ந்தார். பாஸ்புக்கை வாங்கினார். "உறுப்பினர்னா கட்டணம் கட்டிட்டுப் பார்க்கலாம், உரிமை இருக்கு. சீட்டு ஒப்பந்தம், உறுப்பினர் பட்டியல், ஏல நடவடிக்கைக் குறிப்பு, எல்லாம் இருக்கும். உங்க ஒப்பந்த நகல் குடுத்தாங்களா?"

"பாஸ்புக்தான் குடுத்தாங்க."

"ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டீங்களா? எல்லா உறுப்பினரும் ஒரே ஒப்பந்தத்துல கையெழுத்து போடுவாங்க."

"ஒரு ஃபாரத்துல போட்டேன். மஞ்சக் கலர்."

குமாஸ்தா எழுந்துபோய் ஒரு ரிஜிஸ்தரையும் ஒரு தடித்த ஃபைலையும் எடுத்துவந்தார். ஃபைலைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டு, தாள் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். மறுபடியும் மேலிருந்து. குட்டிம்மா கவுன்டரின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தாள்.

"டிக்கெட் ஆறு, வேற யாரோ இருக்காங்க. உங்க பேர் எந்த டிக்கெட்லயும் இல்லை." ஃபைலை மூடினார். "மன்னிக்கணும் அம்மா. உறுப்பினரா இல்லாதவங்களுக்கு ஃபைல் காட்ட எனக்கு அதிகாரம் இல்லை."

"சார், நான் உறுப்பினர். ரசீது இருக்கு பாருங்க!"

"ரசீது உங்க கையில இருக்கு. பேர் இங்க இல்லை."

குட்டிம்மா பாஸ்புக்கையும் மூடிய ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் இருந்த யாரோ, "சீக்கிரம்மா," என்றார். செக்கிங் அக்கா முன்னால் வந்தாள்.

"ஃபைல் காட்ட வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பதினாலு எப்ப ஆரம்பிச்சது?"

இந்தத் தடவை குமாஸ்தா அவளைச் சரியாகப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை வந்தவங்கதானே? அன்னைக்கே இதைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆரம்பிச்சது மூணு வருஷம் முன்னாடி. இருபத்தஞ்சு பேர், இருபத்தஞ்சு மாசம். முடிஞ்சு போயி பத்து மாசமாச்சு. நல்லபடியாத்தான் முடிச்சிருக்காங்க, கணக்கெல்லாம் தாக்கல் ஆகியிருக்கு."

"அப்ப இப்ப அவங்க சேர்க்கறது?"

"அது வேற சீட்டு. அதுக்குத் தனியா முன் அனுமதி வாங்கணும். கம்பெனி ஒரு தடவை பதிவானா போதாது அம்மா, ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியா. அனுமதி வாங்கறதுக்கு முன்னாடி ஆள் சேர்க்கவே கூடாது. இருபத்தஞ்சு டிக்கெட்டும் நிறைஞ்ச பிறகு நாங்க தொடக்கச் சான்றிதழ் குடுப்போம். அது இல்லாம ஏலமே நடத்தக் கூடாது. இந்தக் கம்பெனிக்கு இப்ப ஓடுற குரூப்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை."

"எதுக்கு சார் இப்படிப் பண்றாங்க? பழைய குரூப்பை ஒழுங்கா நடத்தினவங்கதானே?"

குமாஸ்தா பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக்கொண்டார். சளிக்கு வெந்நீர். கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது தெரிந்தது. வரிசையைக் கையால் பொறுக்கச் சொன்னார்.

"டெபாசிட்டுக்காக. ஒரு லட்சச் சீட்டுன்னா, நடத்துறவங்க முதல்ல ஒரு லட்சத்தை பேங்குல போட்டு அந்த ரசீதைப் பதிவாளர் பேர்ல மாத்திக் குடுக்கணும். சீட்டு முடியற வரைக்கும் அதைத் தொட முடியாது. நடுவுல அவங்க ஓடிட்டாங்கன்னா உங்களுக்கு அந்தப் பணம்தான் ஈடு. பத்து குரூப் ஓட்டணும்னா பத்து லட்சம் முடங்கும். முடங்க வேணாம்னு நினைக்கறவன் பழைய நம்பரையே புதுப் பாஸ்புக்குல அடிச்சுக் குடுப்பான். பதினாலு முடிஞ்சதும் அந்த டெபாசிட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்த நம்பருக்குப் பின்னால ஒத்தைப் பைசா கிடையாது."

குட்டிம்மா விறுவிறுவென்று படி இறங்கினாள். கீழே தெருவோரக் கடையில் நின்று அவள் மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம்! சனிக்கிழமை எத்தனை பேர்?"

"சார், பதிவாளர் ஆபீஸ்ல என் பேர் இல்லைங்கறாங்க."

"அது பழைய லிஸ்ட்டா இருக்கும் மேடம். நம்மது பதினாலு ஏ. உள்பிரிவு. எல்லாம் ஒரே நம்பர்லதான் ஓடும்."

செக்கிங் அக்கா காதருகில் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். குட்டிம்மா அதையே கேட்டாள்: "முன் அனுமதி நம்பரும் தேதியும் என்ன சார்? டெபாசிட் போட்ட பேங்க் எது?"

மேனேஜரின் குரலில் இருந்த குழைவு போய்விட்டது.

"உங்களுக்கு யார் மேடம் இதெல்லாம் சொல்லிக் குடுக்கறது? சனிக்கிழமை பணத்தோட வாங்க, நேர்ல பேசிக்கலாம்." போன் துண்டிக்கப்பட்டது.

தன் வீட்டுக்கு வந்ததும் குட்டிம்மா பீரோவைத் திறந்து, ஒரு ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். காஜா அக்காவும் காலர் மெஷின்காரியும் கொடுத்த எட்டாயிரம். பிறகு கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி. என் இருபத்து நாலும் அங்க இருக்கு. தெருவுல நாலு வீட்டுக் காசு பதினாறு, நான்தான் கொண்டுபோய்க் கட்டினேன். இந்த எட்டையும் கட்டி, பன்னிரண்டு பேரையும் நிரப்பிட்டா எனக்கு ரெண்டாம் மாசம் தந்துடுவாங்க. அதை வாங்கி எல்லாருக்கும் குடுத்துட்டு வெளிய வந்துடுவேன். இந்த ஒரு தடவை மட்டும்."

செக்கிங் அக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, அவ்வளவு அலுப்பு. நாற்காலியில் சாய்ந்தாள்.

"யாரோட காசை வாங்கி உனக்குத் தருவாங்க?"

குட்டிம்மா கட்டின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டாள்.

"காஜாவோடது. காலரோடது. என் பொண்ணோடது. உன் ரெண்டாம் மாசத்துக்குள்ள நாங்கதான் இருப்போம். எனக்கும் ஆசை இல்லாம இல்லை அம்மாடி. நேத்து ராத்திரி வரைக்கும் நான் எழுபதாயிரத்தை எண்ணிக்கிட்டுத்தான் படுத்தேன்."

சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டிம்மா போய் அதை இறுக்கிவிட்டு வந்தாள். சொட்டு நிற்கவில்லை. திரும்பி வந்து கட்டை அண்ணி பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போங்க. நான் திரும்ப எடுக்கறதுக்குள்ள போங்க."

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். செக்கிங் அக்கா மேஜையில் கட்டைப் பிரித்து இரண்டு பங்காக வைத்தாள். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"நான் பாஸ்னு சொன்னேன். தப்பு. கம்பெனி நிஜம், நம்பரும் நிஜம், ஆனா அந்த நம்பர்ல ஓடின சீட்டு முடிஞ்சு போச்சு. நம்ம சீட்டுக்குப் பதிவே இல்லை."

"நீதானே போன் போட்டு..." என்று ஆரம்பித்தாள் காலர் மெஷின்காரி.

"நான்தான்."

"காசு திரும்பி வந்துடுச்சுல்ல, விடு," என்றாள் காஜா அக்கா. நோட்டை எண்ணி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "ஆனா செக்கிங்கு, இனிமே பாஸ்னு சொன்னா எதைப் பார்த்தன்னு கேட்டுட்டுத்தான் இடது பக்கம் போவேன்." இரண்டு பேர் சிரித்தார்கள். காலர் மெஷின்காரி சிரிக்கவில்லை. அவளுக்கும் ஒரு பையன் படிப்புக்கு நிற்கிறான்.

அன்று சாயந்திரம் மகள் கல்லூரி அலுவலகத்துக்குத் தானே போய்விட்டு வந்தாள். "அம்மா, இருபத்து நாலு இப்ப கட்டினா இடம் நிக்குமாம். மீதி முப்பத்தாறை மூணு மாசத்துல கட்டணும். கெஞ்சினதுல டைம் குடுத்தாங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா, அதுக்குள்ள நான் எங்கயாவது வேலைக்குப் போறேன்."

"நீ எங்கயும் போக வேணாம். கட்டிடலாம்," என்றாள். மூன்று மாசத்துக்கு முப்பத்தாறு. மாசம் பன்னிரண்டு. ஓவர்டைம் முழுக்கச் செய்தால் ஆறு, ஏழு வரும். மீதிக்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலிலிருந்து கணவர் கண்ணைத் திறக்காமல், "ஞாயித்துக்கிழமை டூட்டியும் நான் எடுத்துக்கறேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குட்டிம்மா சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மூன்றாவது அரை நாள். அதே இரண்டாம் மாடி. குட்டிம்மா பெஞ்சில் உட்கார்ந்து புகார் எழுதினாள். செக்கிங் அக்கா வரிக்கு வரி பார்த்தாள்: கம்பெனி பேர், மேனேஜர் பேர், எந்தத் தேதியில் எவ்வளவு, பாஸ்புக் எண், மேனேஜர் போனில் சொன்னது. ரசீதுகளின் நகலை வரிசையாக அடுக்கினாள். தெருக்காரர்கள் நாலு பேரின் ரசீதிலும் கீழே ஏஜெண்ட் கையெழுத்து என்ற இடத்தில் குட்டிம்மாவின் கையெழுத்துதான் இருந்தது.

"இதையும் வைக்கணுமா அண்ணி? இதுல நானே மாட்டிக்குவேனே?"

"வைக்கலேன்னா அந்த நாலு பேர் காசு எங்க போச்சுன்னு யார் சொல்லுவாங்க?"

குட்டிம்மா நாலையும் எடுத்து உள்ளே வைத்தாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா வாங்கி, முத்திரை குத்தி, நகலில் தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. ஆபீஸர் கம்பெனிக்குப் போய்ப் பார்ப்பார். மாசக்கணக்காகும் அம்மா, முன்னாடியே சொல்லிடறேன்."

"காசு?" என்றாள் குட்டிம்மா.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சொல்ல முடியாது. சனிக்கிழமை நீங்க கட்டாம விட்ட பணம் போகலைன்னு மட்டும் என்னால நிச்சயமாச் சொல்ல முடியும்."

பஸ் காலியாக வந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். மத்தியான ஷிப்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம். செக்கிங் அக்கா கண்ணை மூடினாள்.

"அண்ணி," என்றாள் குட்டிம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. "அந்த நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லணும். தனியாப் போக பயமா இருக்கு."

"ஷிப்டு முடிய ஏழாயிடும்."

"பரவாயில்லை."

"அப்ப ஏழரைக்கு உன் தெரு முனையில நில்லு," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "முதல்ல எந்த வீடு அதிகமாக் கத்துமோ, அங்க போயிடுவோம்."